அப்பாவோட மோதிர விரல்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

ஒரு சின்ன வேலையோட ஆரம்பிக்கலாம். வண்டி ஓட்டிட்டுக் கேக்கறவங்க அப்புறமா செய்யுங்க. மத்தவங்க உங்க உள்ளங்கையை மேசை மேல தட்டையா வைங்க. விரல், உள்ளங்கை எல்லாம் மேசையைத் தொடணும். தொடுதா? அப்போ இன்னைக்குப் பேசப்போற விஷயம் உங்களுக்கு இப்போதைக்கு இல்லை. ஆனா உங்க அப்பாவையும் அம்மாவையும் ஒரு தடவை இதே மாதிரி வைக்கச் சொல்லுங்க. நான் சொல்லாம விட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். அதுலயும் கைக்கு மட்டும்தான். ஆபரேஷன் முடிஞ்ச கை, மெஷின்ல மாட்டின கை, விழுந்து உடைஞ்ச மணிக்கட்டு, இதெல்லாம் திரும்ப வேலை செய்யற வரைக்கும் பயிற்சி கொடுக்கறது என் வேலை. சென்னையில பத்து வருஷமா இதைத்தான் செய்யறேன். ஒரு நாளைக்கு இருபது கையாவது பிடிச்சுப் பாக்கறேன். எங்க அப்பா கையை மட்டும் மூணு வருஷம் பாக்கலை.

ஆட்டோ ஸ்டாண்டில் கிடைச்ச பதில்

அப்பா திருவண்ணாமலையில ஆட்டோ ஓட்டறார். ரமணாசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டுலதான் அவர் ஸ்டாண்ட். அந்த ஏரியாவுக்குப் போனவங்களுக்குத் தெரியும், கார்த்திகை தீபத்துல இருந்து மாசி வரைக்கும் தெரு முழுக்க வெளிநாட்டுக்காரங்க இருப்பாங்க. பல பேர் வருஷா வருஷம் வர்றவங்க. வாடகைக்கு வீடு எடுத்து மூணு மாசம் தங்குவாங்க. அப்பாவோட வருமானத்துல பாதி அந்த மூணு மாசத்துலதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி கார்த்திகையில, டென்மார்க்கில இருந்து வருஷா வருஷம் வர்ற ஒரு பெரியவர் அப்பா வண்டியில ஏறியிருக்கார். ரிட்டயர் ஆன தச்சர், எழுபது வயசு இருக்கும். இறங்கினதும் சில்லறை கொடுத்திருக்கார். அப்பா கையை நீட்டினார், காசு கீழ விழுந்துடுச்சு. பெரியவர் குனிஞ்சு எடுத்துட்டு அப்பாவோட வலது கையைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்திருக்கார். மோதிர விரல் உள்பக்கமா மடங்கி நிக்குது. உள்ளங்கையில ஒரு கயிறு மாதிரி தடிப்பு. அவர் ஒண்ணும் பேசாம தன்னோட இடது கையை விரிச்சுக் காமிச்சார். உள்ளங்கையில இருந்து சுண்டு விரல் வரைக்கும் இசட் எழுத்து மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற ஒரு தழும்பு. "சேம் சேம்"னு சொன்னாராம்.

அன்னைக்கு ராத்திரி அப்பா எனக்கு ஃபோன் பண்ணினார். "கண்ணு, இது அந்த வியாதி இல்லையாம்."

"எந்த வியாதிப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம்தான் சொன்னார். மூணு வருஷமா அதைத் தொழுநோய்னு நினைச்சுட்டு இருந்திருக்கார். யார்கிட்டயும் சொல்லலை, அம்மாகிட்ட கூட. கல்யாண வீட்டுல பந்தியில உக்காரறதை நிறுத்திட்டார். கோயில்ல ரெண்டு கையும் சேத்துக் கும்பிட்டா நடுவுல இடைவெளி தெரியும்னு, கையைக் கோத்துப் பிடிச்சு மார்போட அழுத்திக்குவார். நான் தீபாவளிக்கு, பொங்கலுக்கு வீட்டுக்குப் போன ஒவ்வொரு தடவையும் அந்தக் கை வேட்டி மடிப்புல இருந்திருக்கு.

அவர் பயந்ததைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். எங்க ஊர்ல இருந்து வேலூர் ரெண்டு மணி நேரம். அங்க சி.எம்.சி.யிலதான் 1940கள் கடைசியில பால் பிராண்டுங்கற சர்ஜன், தொழுநோயால மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சார். நல்லா வேலை செய்யற ஒரு தசையோட நாரை எடுத்து, செயலிழந்த இடத்துல மாத்திக் கட்டற ஆபரேஷன். உலகமே வந்து கத்துக்கிட்டுப் போச்சு. இந்தப் பக்கத்துல அப்பா வயசுக்காரங்களுக்கு மடங்கின விரல்னா முதல்ல ஞாபகம் வர்றது அந்த நோய்தான்.

நாலு விதமா மடங்கும்

அதனால முதல்ல பிரிச்சுப் பாக்கக் கத்துக்கலாம். மோதிர விரல் மடங்கி இருந்தா நான் மூணு விஷயம் பாப்பேன்.

முதல்ல, இன்னொரு கையால அந்த விரலை நிமிர்த்த முடியுதா? தொழுநோயால நரம்பு கெட்டுப்போன கையில, ஆரம்ப நிலையில, நாம பிடிச்சு நிமிர்த்தினா விரல் நிமிரும். தானா நிமிர்த்தத்தான் அவங்களால முடியாது, ஏன்னா அங்க போச்சு தசையோட பலம். கூடவே சுண்டு விரல் பக்கம் மரத்துப் போயிருக்கும், சூடு தெரியாது. அப்பா கையில மரப்பே இல்லை. ஆனா நான் எவ்வளவு தள்ளினாலும் விரல் நிமிரலை.

ரெண்டாவது, மாட்டிக்கிட்டு "டக்"னு விடுதா? காலையில எழுந்ததும் விரல் மடங்கி நின்னு, இழுத்தா ஒரு சொடுக்கோட நிமிர்ந்தா அது ட்ரிகர் ஃபிங்கர். தசைநார் போற குழாய் இறுகிப் போறதால வர்றது. அப்பாவுக்கு அந்தச் சொடுக்கு கிடையாது. எப்பவும் ஒரே கோணத்துலதான் நிக்கும். இன்னொண்ணு, ரொம்ப நாள் சுகர் இருக்கறவங்களுக்கு ரெண்டு கையிலயும் எல்லா விரலும் கொஞ்சம் கொஞ்சம் விறைச்சு, கும்பிட்டா கை ஒட்டாம போகும். அது ஒரே விரல்ல நிக்காது.

மூணாவது, உள்ளங்கையைத் தடவிப் பாத்தா கயிறு தட்டுப்படுதா? விரலை நிமிர்த்தத் தள்ளும்போது அந்தக் கயிறு வில்லோட நாண் மாதிரி தோலுக்கு அடியில விறைக்குதா? மோதிர விரலுக்கு நேர் கீழ, உள்ளங்கை ரேகைக்கிட்ட, தோல் குழி விழுந்து உள்ள இழுத்த மாதிரி இருக்கா? அப்பா கையில இது மூணும் இருந்துச்சு. வலி இல்லை. இதுக்குப் பேரு டுப்யூட்ரென்ஸ் காண்ட்ராக்சர். பெரும்பாலும் ஸ்கேன் கூடத் தேவையில்லை. கையைத் தொட்டுப் பாத்தாலே தெரிஞ்சுடும்.

அது நரம்பு இல்லை

அப்பாவோட ஸ்டாண்டுல எல்லாரும் சொன்னது, "நரம்பு இழுத்துக்கிச்சு." ஒருத்தர் நீவி விட்டார். ஒருத்தர் எண்ணெய் கொடுத்தார். அப்பா ஆறு மாசம் தினமும் ராத்திரி தேய்ச்சு இழுத்துப் பாத்திருக்கார். ஒரு டிகிரி கூட நிமிரலை. அது ஏன்னு புரியணும்னா கயிறு எதுல இருந்து வருதுன்னு தெரியணும்.

உங்க புறங்கைத் தோலைக் கிள்ளிப் பாருங்க, இழுத்த பக்கம் வரும். இப்போ உள்ளங்கைத் தோலைக் கிள்ளுங்க. வராது, இல்லையா? உள்ளங்கைத் தோலுக்கு அடியில விசிறி மாதிரி ஒரு கெட்டியான படலம் இருக்கு. அது தோலைக் கீழ இழுத்துக் கட்டி வெச்சிருக்கு. அதனாலதான் நாம குடத்தைப் பிடிச்சாலும் சம்மட்டியைப் பிடிச்சாலும் தோல் வழுக்கறதில்லை. அந்தப் படலத்துல இருக்கற சில செல்கள் காயம் ஆறும்போது செய்யற வேலையை, காயமே இல்லாம செய்ய ஆரம்பிக்குது. அதாவது கொலாஜன் நாரைக் கொட்டுது, அப்புறம் அதைப் பிடிச்சுச் சுருக்குது. முதல்ல ஒரு கட்டி, அப்புறம் கயிறு, அப்புறம் விரல் மடங்கும். இதுக்குப் பல வருஷம் ஆகலாம். பல பேருக்குக் கட்டியோடயே நின்னும் போகும்.

விரலை மடக்கற தசைநார் இதுக்கு அடியில தனியா, சுத்தமா ஓடிட்டு இருக்கும். அதுக்கு ஒண்ணும் ஆகலை. இதே குழப்பம் டாக்டர்களுக்கும் ரொம்ப காலம் இருந்துச்சு. பாரிஸ்ல கியோம் டுப்யூட்ரென்னு ஒரு சர்ஜன். இந்த மாதிரி விரல் மடங்கின ஒரு முதியவர் இறந்ததும் அவர் கையை அறுத்துப் பாத்தார். தோலை எடுத்தார், விரல் நிமிரலை. படலத்தை வெட்டினதும் நிமிர்ந்துச்சு. தசைநாரைத் தொடவே இல்லை. 1831ல ஒரு மது வியாபாரியோட கையில அதே படலத்தை வெட்டி விரலை நிமிர்த்திக் காமிச்சார். அவருக்கு முன்னாடியே லண்டன்ல ஹென்றி கிளைன் இதைக் கண்டுபிடிச்சிருந்தார், ஆனா பேர் இவருக்குப் போச்சு.

எண்ணெய் தேய்ச்சா, இழுத்துக் கட்டினா நிமிராததுக்குக் காரணம் இதுதான். இது சுளுக்கு இல்லை. புதுசா முளைச்ச நார்க்கயிறு. தேய்ச்சா கரையாது.

ஏன் அப்பாவுக்கு வந்துச்சு? இது அதிகமா வர்றது வட ஐரோப்பாவுல. அங்க வைக்கிங் நோய்னே சொல்வாங்க. 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்'ல டேவி ஜோன்ஸா வந்த பில் நை கையை எந்தப் படத்துலயாவது கவனிங்க, மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கித்தான் இருக்கும். குடும்ப வழியா வர்ற நோய். 2023ல வந்த ஒரு ஆய்வு, இதுக்கான வலுவான மரபணுக் காரணங்கள்ல சிலது நியாண்டர்தால் மனுஷங்ககிட்ட இருந்து வந்ததுன்னு காட்டிச்சு. நம்ம ஊர்ல குறைவு. இங்க நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் கூடவே சுகர் இருக்கும். அப்பாவுக்குப் பதினாலு வருஷமா சுகர்.

எந்த மூட்டு மடங்குது?

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க. விரல் மடங்கி இருக்குன்னா, எந்த மூட்டுல மடங்கி இருக்குன்னு பாருங்க.

விரல் உள்ளங்கையோட சேர்ற இடத்துல ஒரு மூட்டு இருக்கு. மோதும்போது முன்னாடி நிக்கற முட்டி அது. அதை அடி மூட்டுன்னு வெச்சுக்கலாம். அடுத்தது விரலோட நடு மூட்டு. ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனா குணம் வேற.

அடி மூட்டோட ரெண்டு பக்கமும் இருக்கற தசைக்கட்டுகள், மூட்டு மடங்கி இருக்கும்போது நல்லா இழுபட்டு நீளமா இருக்கும். அதனால அது வருஷக்கணக்கா மடங்கியே கிடந்தாலும் சுருங்கறதில்லை. கயிறை அறுத்துவிட்டா மூட்டு பெரும்பாலும் முழுசா நிமிர்ந்துடும். நடு மூட்டு அப்படி இல்லை. மடங்கி இருந்தா அதோட சொந்தக் கட்டுகளும், அடியில இருக்கற தடிச்ச தகடும் சுருங்கி ஒட்டிக்கும். அப்புறம் கயிறை முழுசா எடுத்தாலும் மூட்டே விறைச்சுப் போயிருக்கும்.

அந்த டென்மார்க் பெரியவர் கதை அதுதான். அவரை அப்புறம் நான் நேர்ல பாத்தேன். நடு மூட்டுல மடக்கம் எழுபது டிகிரி வர்ற வரைக்கும் விட்டிருக்கார். வலிக்கலை, வேலை நடந்துச்சு, அதனால விட்டுட்டார். சர்ஜன் ஆபரேஷனை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கார். ஆனா இன்னைக்கும் அந்த விரல் முப்பத்தஞ்சு டிகிரியிலதான் நிக்குது. "பத்து வருஷம் முன்னாடி காமிச்சிருக்கணும்"னு அவரே சொன்னார்.

அதனால கை டாக்டர்கள் வழக்கமா வெச்சிருக்கற கணக்கு இது: அடி மூட்டு முப்பது டிகிரிக்கு மேல மடங்கி, அன்றாட வேலைக்கு இடைஞ்சலா இருந்தா சிகிச்சை யோசிக்கலாம். அதுக்குள்ள இருந்தா ஆறு மாசத்துக்கு ஒருதரம் அளந்து பாத்துட்டுக் காத்திருக்கலாம். நடு மூட்டுல மடக்கம் ஆரம்பிச்சாலே போய்க் காமிக்கணும். வெறும் கட்டி மட்டும் இருந்தா, கை மேசையில தட்டையா உக்காந்தா, ஒண்ணும் செய்ய வேண்டாம். அதை அவசரப்பட்டு வெட்டவே கூடாது.

நான் ஊருக்குப் போய் கோணமானியை வெச்சு அளந்தேன். அப்பாவுக்கு அடி மூட்டு ஐம்பது டிகிரி. நடு மூட்டு பதினஞ்சு. நடு மூட்டு இப்பத்தான் ஆரம்பிச்சிருந்துச்சு. இன்னும் ஒரு வருஷம் வேட்டிக்குள்ள மறைச்சிருந்தார்னா நிலைமை வேற.

ஊசியா, கத்தியா?

சென்னையில என்கூட வேலை பாத்த ஒரு கை சர்ஜன்கிட்ட அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். அவர் ரெண்டு வழி சொன்னார்.

ஒண்ணு, ஊசி. கயிறுக்கு மேல தோலை மட்டும் மரக்கடிச்சு, ஊசியோட முனையையே சின்னக் கத்தி மாதிரி பயன்படுத்திக் கயிறைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டி வலுவிழக்க வைக்கறது. அப்புறம் விரலைப் பிடிச்சு நிமிர்த்தினா கயிறு அறுந்துடும். அரை மணி நேர வேலை. அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரத்துல வண்டி ஓட்டலாம். பாரிஸ்ல மூட்டு நோய் டாக்டர்கள் 1970கள்ல வளர்த்தெடுத்த முறை இது.

இன்னொண்ணு, ஆபரேஷன். உள்ளங்கையில இருந்து விரல் வரைக்கும் வளைச்சு வளைச்சுத் திறந்து, நரம்பையும் ரத்தக்குழாயையும் ஒதுக்கி வெச்சுட்டு நோய்ப்பட்ட கயிறை வெட்டி எடுக்கறது. ஏன் நேரா வெட்டாம வளைச்சு வெட்டறாங்கன்னா, விரல் மடிப்பை நேராத் தாண்டற தழும்பு ஆறும்போது திரும்பச் சுருங்கி விரலை இழுக்கும். தையல் பிரிக்க ரெண்டு வாரம். கை முழுசா வேலைக்குத் தயாராக ரெண்டு மாசம், சில பேருக்கு மூணு மாசம். சுகர் இருந்தா காயம் ஆற இன்னும் நாள் ஆகும்.

கேட்டா ஊசிதான் சுலபம்னு தோணும். ஆனா ஊசி கயிறை எடுக்கறதில்லை, அறுத்து மட்டும் விடுது. நெதர்லாந்துல ரெண்டையும் ஒப்பிட்டு அஞ்சு வருஷம் தொடர்ந்து பாத்து 2012ல வெளியிட்டாங்க. அஞ்சு வருஷத்துல ஊசி போட்டவங்கள்ல நூத்துக்கு எண்பத்தஞ்சு பேருக்குத் திரும்ப வந்துச்சு. ஆபரேஷன் பண்ணினவங்கள்ல நூத்துக்கு இருபத்தொரு பேருக்கு. இங்க திரும்ப வந்துச்சுன்னா, நிமிர்ந்த விரல் மறுபடி முப்பது டிகிரிக்கு மேல மடங்கினதுன்னு அர்த்தம். எதுவுமே நோயை வேரோட எடுக்கறதில்லை. விரலை நிமிர்த்தறோம், அவ்வளவுதான்.

இணையத்துல தேடினா மூணாவதா ஒண்ணு வரும். கயிறைக் கரைக்கற கொலாஜினேஸ்ங்கற மருந்தை ஊசியா போடறது. அமெரிக்காவுல 2010ல அனுமதி கிடைச்சது. ஐரோப்பாவுல அந்தக் கம்பெனியே 2020ல வாபஸ் வாங்கிடுச்சு. பிரிட்டன்ல 672 பேரை வெச்சு இதையும் ஆபரேஷனையும் ஒப்பிட்ட ஆய்வு 2024ல வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தப்போ ஆபரேஷன் பண்ணின கைகள்தான் நல்லா இருந்துச்சு. அதனால அது கிடைக்கலையேன்னு வருத்தப்பட வேண்டாம்.

சர்ஜன் இதையெல்லாம் அப்பாகிட்ட பொறுமையா சொன்னார். அப்பா ஒண்ணுதான் கேட்டார். "ஊசி போட்டு அது திரும்ப வந்தா, மறுபடி ஊசி போடலாமா சார்?"

"போடலாம். ஆபரேஷனும் பண்ணலாம். எதுவும் அடைஞ்சு போகாது."

"அப்போ ஊசி போடுங்க. ரெண்டு மாசம் வண்டி நின்னா எனக்குக் கட்டுப்படியாகாது."

இது பயத்துல எடுத்த முடிவு இல்லை, கணக்குப் போட்டு எடுத்தது. அவரோட கயிறு உள்ளங்கையில, அடி மூட்டுக்குக் கீழ, தனியா எழும்பி நின்னுச்சு. ஊசிக்கு ஏத்த இடம் அதுதான். கயிறு விரலுக்குள்ள ஓடி நடு மூட்டை இழுத்தா சில சமயம் அது நரம்பைச் சுத்திக்கிட்டு, நரம்பை நடுவுக்கும் மேலயும் கொண்டு வந்துடும். அங்க கண்ணால பாக்காம ஊசியை விட்டா நரம்பு அறுபட வாய்ப்பு அதிகம். அப்படி இருந்திருந்தா நானே ஆபரேஷன்தான்னு சொல்லியிருப்பேன்.

அந்த அரை மணி நேரம்

உடனே செய்யலை. அப்பாவோட மூணு மாச சுகர் சராசரி 9.4 இருந்துச்சு. சர்ஜன் எட்டுக்குக் கீழ கொண்டு வரச் சொன்னார். தீப சீசன் முடிஞ்சு, வெளிநாட்டுக்காரங்க கிளம்பி, பங்குனியில பாத்தப்போ 7.6.

நான் பக்கத்துல நின்னேன். கயிறு மேல மூணு இடத்துல பேனாவால புள்ளி வெச்சார். ஒவ்வொரு இடத்துலயும் தோலுக்குள்ள மட்டும் துளி மருந்து. விரல் முழுசா மரத்துப் போகக்கூடாது, அது வேணும்னேதான். ஊசி நரம்புக்கிட்ட போனா விரல் நுனியில ஷாக் அடிக்கும். அதை அப்பா சொல்லணும். சொன்னதும் நிறுத்திடுவாங்க. இன்னொரு சோதனையும் உண்டு. ஊசியை உள்ள விட்டதும் "விரல் நுனியை ஆட்டுங்க"ன்னார். விரலோட சேர்ந்து ஊசியும் ஆடினா அது தசைநாருக்குள்ள போயிருக்குன்னு அர்த்தம், உடனே வெளிய எடுக்கணும். ஆடலை. அப்புறம் சின்னச் சின்னதா குறுக்க அசைச்சு வெட்டினார். மணல்ல ஊசி போற மாதிரி ஒரு நறநறப்பு.

மூணு புள்ளியும் முடிஞ்சதும் விரலைப் பிடிச்சு மெதுவா நிமிர்த்தினார். "டப்"னு ஒரு சத்தம். அப்பா விரல் உடைஞ்சுடுச்சுன்னு நினைச்சு என்னைப் பாத்தார். உடையலை. நிமிர்ந்துச்சு.

அடி மூட்டு ஐம்பதுல இருந்து அஞ்சுக்கு வந்துச்சு. நடு மூட்டு பதினஞ்சுல இருந்து பத்து. நிமிர்த்தும்போது உள்ளங்கை மடிப்புல தோல் அரை சென்டிமீட்டர் கிழிஞ்சது. வருஷக்கணக்கா சுருங்கிக் கிடந்த தோல், இப்படி ஆகறது உண்டு. தையல் போடலை. தினமும் கட்டு மாத்தி பத்து நாள்ல ஆறிடுச்சு.

அப்புறம் என் வேலை. முதல் நாளே விரலை முழுசா மடக்கி நிமிர்த்தச் சொன்னேன், ஒரு மணி நேரத்துக்குப் பத்து தடவை. வீக்கம் இறங்க கையை இதயத்துக்கு மேல தூக்கி வைக்கணும். எல்லாரும் மறக்கற விஷயம், நிமிர்த்தறதுல கவனம் போய் மடக்கறதை விட்டுடுவாங்க. கை மூடலைன்னா அதுவும் தோல்விதான். ராத்திரி கட்டை கட்டணுமான்னு நிறைய பேர் கேப்பாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லாருக்கும் கட்டறதால தனியா பலன் இல்லைன்னு பிரிட்டன்ல ஒரு ஆய்வு காட்டியிருக்கு. திரும்ப மடங்க ஆரம்பிக்கறவங்களுக்கு மட்டும்தான் நான் தர்றேன். அப்பாவுக்குக் கொடுக்கலை.

எட்டாவது நாள் ஸ்டாண்டுக்குப் போயிட்டார்.

எதைப் பாத்தா உடனே டாக்டர்கிட்ட ஓடணும்னும் சொல்லிடறேன். விரல் நுனி மரத்து, மறுநாளும் உணர்வு திரும்பலைன்னா. விரலைத் தானா மடக்கவே முடியலைன்னா, தசைநார் அறுந்திருக்கலாம். கை சிவந்து, சூடாகி, வலி நாளுக்கு நாள் கூடினா. இது மூணும் காத்திருக்கற விஷயம் இல்லை.

இப்போ இருபது

ரெண்டு வருஷம் ஆகப்போகுது. போன மாசம் அளந்தேன். அடி மூட்டு அஞ்சுல இருந்து இருபதுக்கு வந்திருக்கு. நடு மூட்டு பத்துலயே நிக்குது. அதாவது கயிறு திரும்ப வளருது. எதிர்பாத்ததுதான். முப்பதைத் தாண்டினாலோ, நடு மூட்டு கூடினாலோ மறுபடி போவோம். அந்தத் தடவை ஆபரேஷனா இருக்கலாம். அப்பாவுக்கு அது தெரியும். இப்போ ஆறு மாசத்துக்கு ஒருதரம் அவரே கையை மேசையில வெச்சு ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பறார். ஒரே மேசை, ஒரே கோணம். அடியில எவ்வளவு வெளிச்சம் தெரியுதுன்னு நான் பாக்கறேன்.

யாரைப் பாக்கணும்னு கேட்டா, கை அறுவை சிகிச்சை தெரிஞ்ச பிளாஸ்டிக் சர்ஜன் இல்லைன்னா ஆர்த்தோ சர்ஜன். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில கைக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. வேலூர் சி.எம்.சி.யில பால் பிராண்ட் பேர்லயே கை அறுவை சிகிச்சை மையம் இருக்கு. போகும்போது ரெண்டு கேள்வி கேளுங்க: "என்னோட எந்த மூட்டு, எத்தனை டிகிரி?", "எனக்கு ஊசி ஏத்ததா, இல்லைன்னா ஏன்?" இதுக்குக் கையைத் தொட்டுப் பாத்து, அளந்து பதில் சொல்றவர்கிட்ட கையைக் கொடுக்கலாம்.

போன கார்த்திகையில அந்த டென்மார்க் பெரியவர் திரும்ப வந்தார். ஆசிரம வாசல்ல அப்பாவைப் பாத்துக் கும்பிட்டார், ஒரு சுண்டு விரல் வெளிய நீட்டிக்கிட்டு. அப்பாவும் கும்பிட்டார். உள்ளங்கைக்கு நடுவுல இன்னும் கொஞ்சம் இடைவெளி தெரிஞ்சது. அப்பா அதை மறைக்கலை.

இந்த வாரக் கடைசியில வீட்டுக்கு ஃபோன் பண்ணா, சாப்டியான்னு கேக்கறதோட, "கையை மேசையில வெச்சுக் காமி"ன்னும் கேளுங்க.